நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு

செவ்வாய்க்கிழமை காலை, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து வரிசையில் நின்றபோது வெனிலா போட்ட கூச்சலில், ஓட்டுநர் பின்னாலிருந்து லாரி மோதிவிட்டது என்றே முடிவுகட்டி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். பக்கத்து இருக்கையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையை மடியில் வைத்திருந்த அம்மாள் மூட்டையையும் வெனிலாவையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா ஆச்சு? வூட்ல யாருக்குனா இன்னாவா?"

"இல்லக்கா. என் கட்டுரைய ஏத்துக்கினாங்க. டெல்லியில!"

"அதுக்காம்மா இந்தக் கத்து கத்துன? நான் மல்லாட்டைய கொட்டியிருப்பேன்."

வெனிலாவுக்கு அந்தக் கட்டுரைதான் உயிர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாலு வருடமாகத் தினமும் பேருந்தில் போய், ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளராகச் சொத்துரிமைச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான் காலி. அடுத்த திங்கட்கிழமை நேர்காணல். தரமான ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வருகிறது என்பதற்கான ஏற்புக் கடிதம் கையில் இல்லாதவர்கள் கதவைத் தட்டவே வேண்டாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். சுடுகாட்டுப் பாதைகளைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை ஏழு ஆய்விதழ்கள் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தன. எட்டாவது, தில்லி.

வண்டி கிளம்பியதும் கைப்பேசியில் அந்த மின்னஞ்சலின் இரண்டாவது பத்தியைப் படித்தாள். அங்கே அவள் முகம் விழுந்த விழுகையைப் பார்த்து மல்லாட்டை அம்மாள் மறுபடியும் மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டுரையில் மேற்கோள்கள் எல்லாம் வரிக்கு நடுவிலேயே பிறைக்குறிக்குள் பெயரும் ஆண்டுமாக இருக்கின்றனவாம். இது சட்ட ஆய்விதழ். இங்கே ஆஸ்கோலா முறைதான். ஆக்ஸ்போர்டில் வகுத்த முறை. வரிக்கு நடுவே எதுவும் வரக்கூடாது. எல்லாம் பக்கத்தின் அடியில் எண்ணிட்ட குறிப்பாகப் போக வேண்டும். தீர்ப்பாக இருந்தால் எந்தப் பத்தி, நூலாக இருந்தால் எந்தப் பக்கம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும்.

நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள். நான்கு நாள். கல்லூரியில் நாளுக்கு ஐந்து வகுப்பு, அதற்கு மேல் தேர்வு அறைக் கண்காணிப்பு. மடிக்கணினியோ போன மாதம் விசைப்பலகையில் காப்பி குடித்துவிட்டுப் படுத்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆகவே அன்று மாலையே திண்டிவனம் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் பச்சைமுத்துவின் தட்டச்சுக் கடைக்குப் போனாள். அந்த வட்டாரத்தில் பிராது, எதிருரை, சத்தியப் பிரமாணம் எதுவானாலும் இருபத்தேழு வருடமாகப் பச்சைமுத்துவின் விரலைத் தொடாமல் நீதிபதியின் மேசைக்குப் போனதில்லை. வக்கீல் சொல்லி முடிப்பதற்குள் இவர் அடித்து முடித்துவிடுவார்; சில வழக்குகளில் வக்கீலுக்குத் தோன்றுவதற்கு முன்பே அடித்துவிட்டார் என்று சொல்வார்கள். வெனிலா கட்டுரைக் கோப்போடு ஆஸ்கோலா விதிகளையும் நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பச்சைமுத்து அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அடியில போடணும், அவ்ளோதானே மேடம்? நாளைக்கு சாயங்காலம் வாங்க. ஜல்தியா முடிச்சி வெக்கிறேன்."

புதன்கிழமை மாலை அவள் போனபோது மேசையில் தடியாக ஒரு கட்டு தயாராக இருந்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததும் வெனிலா மற்ற பக்கங்களையும் வேகமாகப் புரட்டினாள். லீகல் அளவுத் தாள். இடப்பக்கம் நூல் கோக்க நாலு விரல் இடம். ஒவ்வொரு பத்திக்கும் எண். தீர்ப்புகளின் பெயரெல்லாம் பெரிய எழுத்தில், தடித்து, அடிக்கோடிட்டு, நடுவில் 'வெர்சஸ்' என்று பட்டை நாமம் மாதிரி. ஆஸ்கோலாவில் பெயர் சாய்வெழுத்து, நடுவில் புள்ளியில்லாத ஒற்றை 'வி', அதோடு சரி. கடைசிப் பக்கத்தில், 'மேலே கண்ட பத்திகள் 1 முதல் 94 வரை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை என்று திண்டிவனத்தில் இன்று கையொப்பமிடுகிறேன்' என்று ஆங்கிலத்தில் அடித்து, கையெழுத்துக்குப் புள்ளிக்கோடும் போட்டிருந்தார்.

"இது இன்னாங்க?"

"வெரிஃபிகேஷன் மேடம். அது இல்லாம எந்தக் கோர்ட்லயும் வாங்க மாட்டான். நீங்க மறந்துட்டீங்க, நானே போட்டுக்கினேன்."

"சரி, பரவால்ல. அடிக்குறிப்பு?"

"நூத்திப் பன்னெண்டும் போட்டாச்சு. ஒண்ணு கூட வுடல."

போட்டிருந்தார்தான். வெனிலா திரையில் மூன்றாம் பக்கத்தில் விட்டுப்போன ஒரு வரியைத் தட்டினாள். அடுத்த நொடி அந்தக் கோப்பில் நடந்ததைப் பார்த்திருந்தால் கல்லும் அலறியிருக்கும். மூன்றாம் பக்கத்தின் அடியிலிருந்த குறிப்புகள் நாலாம் பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்தன. நாலாம் பக்கத்துக் குறிப்புகள் ஐந்தாம் பக்கத்தின் வயிற்றுக்குள் புகுந்தன. அங்கிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே சரிவு. பச்சைமுத்து கணினியின் அடிக்குறிப்பு வசதியைத் தொடவே இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் அவரே கோடு இழுத்து, எண்ணைத் தானே தட்டி, சின்ன எழுத்தில் குறிப்பை அடித்து, இடத்தைக் கண்ணாலேயே அளந்து நிறுத்தியிருந்தார். நூற்றுப் பன்னிரண்டையும்! மலையைக் கடப்பாறையால் நகர்த்தி வைத்த மாதிரி.

"ஐயோ!" என்றாள் வெனிலா.

"ஏன் மேடம் வரி சேக்குறீங்க? நான் முடிச்சிட்டேன்னு சொன்னேன்ல?" பச்சைமுத்துவுக்கு அவளைவிட அதிர்ச்சி. தாஜ்மகாலைக் கட்டி முடித்த கொத்தனாரிடம் ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்ன மாதிரி நின்றார்.

அது போதாது என்று இன்னொன்று. ஒரு குறிப்பில் சொன்னதையே அடுத்த குறிப்பிலும் சொன்னால், மறுபடி முழுசாக எழுதாமல் 'இபிட்' என்று போட்டுவிடலாம். 'மேலே சொன்னதேதான்' என்று பொருள். இந்தச் சலுகை பச்சைமுத்துவுக்குப் பிடித்துப்போய், கை வலித்த இடத்திலெல்லாம் இபிட் போட்டுத் தள்ளியிருந்தார். வெனிலாவோ அன்று மதியம் தொலைபேசியில் இரண்டு பத்திகளை இடம் மாற்றச் சொல்லியிருந்தாள். விளைவு, இந்திய அரசமைப்புச் சட்டத்தின் இருபத்தோராம் பிரிவை விளக்கியது உச்ச நீதிமன்றம் அல்ல, முகையூர் ஒன்றியத்துச் சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்ட வெளியிட்ட ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு என்று முப்பத்தொன்றாம் குறிப்பு அடித்துச் சொன்னது.

வெனிலா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, மெனுவைத் திறந்து 'அடிக்குறிப்பைச் செருகு' என்பதை ஒரே ஒரு முறை அழுத்திக் காட்டினாள். எண் தானாக விழுந்தது. கோடு தானாக வந்தது. மேலே ஒரு வரி சேர்த்தால் குறிப்பும் வரியோடு தானே நகர்ந்தது. பச்சைமுத்து திரையைப் பார்த்தார், தன் பத்து விரலையும் பார்த்தார்.

"இருவத்தேழு வருஷம் மேடம்," என்றார். "இது இவ்ளோ நாளா இங்கயேவா இருந்துச்சு?"

"இங்கதான் இருந்துச்சு."

"ஒரு நாய்கூட சொல்லலியே!"

ஆனால் மனுஷன் மனுஷன்தான். அதிர்ச்சி தெளிந்ததும் பேய் பிடித்தவர் மாதிரி இறங்கிவிட்டார். அவள் சொல்லச் சொல்ல, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் நூற்றுப் பன்னிரண்டும் புதிதாக ஏறிவிட்டன. முன்னால் வந்த தீர்ப்பை வெகு தூரம் தள்ளி மறுபடி சொல்லும் இடத்தில், அது முதலில் வந்த குறிப்பின் எண்ணைச் சுட்ட வேண்டும். அந்த எண்களையும் கையால் அடிக்காமல், தானே மாறிக்கொள்ளும் குறுக்கு இணைப்பாகவே போட்டார்கள். மீதி ஒரே ஒரு வேலை. பத்தி எண்ணும் பக்க எண்ணும்.

பிறைக்குறி முறையில் பெயரும் ஆண்டும் போட்டால் போதும். அதற்குள் எந்த மூலையில் அது இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆஸ்கோலா விடாது. தீர்ப்பைத் திற, பத்தியைக் காட்டு என்று கழுத்தைப் பிடிக்கும். வெனிலா வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கைப்பேசியில் ஒவ்வொரு தீர்ப்பாகத் திறந்து எண்களைச் சொல்ல, பச்சைமுத்து சதுர அடைப்புக்குள் நிரப்பிக்கொண்டே வந்தார். நாற்பத்தாறு வரை தடையில்லை.

நாற்பத்தேழாவது, 'சுப்பராயலு எதிர் கோவிந்தம்மாள்'. தொண்ணூற்றெட்டாம் வருடத்துத் தீர்ப்பு. இதுதான் கட்டுரையின் முதுகெலும்பு. 'பிணம் போன பாதையை உயிரோடு இருக்கிறவன் உழ முடியாது' என்று உயர் நீதிமன்றம் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் வெனிலா தலைப்பிலும் வைத்திருந்தாள், முடிவிலும் வைத்திருந்தாள், நடுவில் மூன்று இடத்தில் தோரணமாகவும் கட்டியிருந்தாள். அந்த வரியைப் படித்துவிட்டு அழாத மாணவன் அவள் கல்லூரியில் கிடையாது. ஒருத்தன் தேர்வுத் தாளிலேயே அழுது மையெல்லாம் கலைந்து தேறிவிட்டான்.

அதை அவள் எடுத்தது துறைத் தலைவர் பேராசிரியர் கோதண்டபாணியின் பாடநூலிலிருந்து, பக்கம் 212. தீர்ப்பை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அது இணையத்திலும் கிடைக்கவில்லை.

"பார் அசோசியேஷன் லைப்ரரில பழைய வால்யூம் இருக்கும் மேடம்," என்றார் பச்சைமுத்து. "ரோட்டைத் தாண்டுனா ஆச்சு."

தாண்டினாள். வழக்கறிஞர் சங்க நூலகம் என்பது இரண்டு பீரோவும் ஒரு மின்விசிறியும். விசிறியின் கீழே ஒரு கிழவர் கறுப்புக் கோட்டோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அரையடித் தூசியைத் தட்டி, தொண்ணூற்றெட்டாம் வருடத் தொகுதியை எடுத்து, தீர்ப்பைக் கண்டுபிடித்தாள். விரல் வரிவரியாக ஓடியது. பதினோராம் பத்தி. இருந்தது! அந்த வரி அப்படியே இருந்தது. மகிழ்ச்சியில் எண்ணைக் குறித்துக்கொள்ளப் போனவள், வரிக்கு முன்னால் இருந்த ஐந்தாறு சொற்களையும் படித்துவிட்டாள்.

'மேல்முறையீட்டாளர்களின் வழக்கறிஞர் உருக்கமாக வாதிட்டது என்னவென்றால்' என்று தொடங்கியது அந்த வாக்கியம்.

வெனிலா பக்கத்தைப் புரட்டினாள். பத்தொன்பதாம் பத்தி: 'இந்த வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அகலம் என்ன, எந்தச் சர்வே எண் என்று பிராதின் சொத்து விவரத்தில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

மின்விசிறி நின்றுவிட்டது போல இருந்தது. திண்டிவனமே நின்றுவிட்டது, ஏரிக்கரையில் கொக்குகள் எல்லாம் ஒற்றைக் காலில் உறைந்துவிட்டன, ரயில் நிலையத்தில் புறப்பட்ட வண்டி பாதி விசிலோடு நின்றது என்று சொன்னாலும் நம்பியிருப்பாள். நாலு வருடமாக அவள் தீர்ப்பு என்று சொல்லிக்கொடுத்தது தீர்ப்பே இல்லை. தோற்ற கட்சியின் வாதம். நீதிமன்றம் படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய வரி.

"அய்யோ, அய்யோ, அய்யோ!"

கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார். "எந்தக் கேஸும்மா?"

"சுப்பராயலு எதிர் கோவிந்தம்மாள்."

இரண்டாவது கண்ணும் திறந்தது. கோட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். "எத்தினியாவது பத்தி படிக்கிற?"

"பதினொண்ணு. அப்புறம் பத்தொம்பது."

"பத்தொம்பதுக்கெல்லாம் ஏம்மா போன?" என்றார் அவர், மனம் நொந்து. "இத்தினி வருஷமா யாருமே அங்க போகலியே."

வெனிலா வாயைப் பிளந்தாள். தீர்ப்பின் தலைப்பில் மேல்முறையீட்டாளர் தரப்பில் ஆஜரானவர் பெயர் இருந்தது: டி. துரைக்கண்ணு. கிழவரின் மேசை மேலிருந்த பையிலும் அதே பெயர்.

"நீங்களா ஐயா?"

"நான்தான். இங்கேர்ந்து மெட்ராசுக்கு பஸ் ஏறிப் போய் வாதாடுனேன். வரி பஸ்லயே வந்துச்சும்மா, மேல்மருவத்தூராண்ட. சொன்னேன். கோர்ட்டே கப்புச்சிப்பு. ஜட்ஜ் கண்ணாடிய கழட்டித் தொடச்சார். தொடச்சி போட்டுக்கினு தள்ளுபடி பண்ணிட்டார்."

"அப்போ இது தீர்ப்புன்னு எப்பிடி ஆச்சு?"

"யாருக்குத் தெரியும்? எவனோ அவசரத்துல முன்னாடி இருக்கறத வுட்டுட்டு வரிய மட்டும் எழுதிக்கினான். அவனைப் பாத்து இன்னொருத்தன். இன்னிக்கி எட்டு புக்குல இருக்கு, எண்ணி வெச்சிருக்கேன்." அவர் முகத்தில் சூரியன் உதித்தது. "ஒருவாட்டி கண்டமங்கலத்துக் கேஸு. நான் நிலத்துக்காரன் பக்கம். எதிர்ல ஒரு சின்னப் பையன் வக்கீல் எழுந்து, 'உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு'ன்னு என் வரியையே என் மேல எறியறான்! ஆடிப் பூட்டேன். எனக்குக் கண்ணுல தண்ணி."

"நீங்க சொல்லியிருக்கலாமே, அது தீர்ப்பு இல்லன்னு!"

"எப்பிடிம்மா சொல்றது, பெத்தவன் வாயால? வெளிய வந்து என் கட்சிக்காரன் கிட்ட, பாதைய வுட்ருய்யா, சட்டம் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்குன்னு ராஜி பண்ணிவுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்பது வருஷ பிராக்டீஸ்ல நான் ஜெயிச்சது எதுவும் எந்த புக்குலயும் இல்ல. தோத்த இந்த ஒரு வரிதான் இருக்கு. நீ பாட்டுக்குப் போட்டுக் குடுத்துடாதம்மா."

வெனிலா அந்தப் பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாலையைத் தாண்டிக் கடைக்குள் வந்து உட்கார்ந்தவளைப் பார்த்துப் பச்சைமுத்து சோடா வாங்கக் கிளம்பிவிட்டார். எழவு வீட்டுச் செய்தி என்றே நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை விழுப்புரத்தில், கோதண்டபாணியின் அறைக்குள் அவள் நுழைந்தபோது அவர் தன் பாடநூலின் நாலாம் பதிப்புக்கு அட்டை நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை நேர்காணல் குழுவில் அவரும் உண்டு. கைப்பேசியை நீட்டினாள். பதினொன்று படித்தார். பத்தொன்பது படித்தார். அட்டை மாதிரிகள் கையிலிருந்து ஒவ்வொன்றாக நழுவின. மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அது அவர் தண்ணீர் அல்ல, பூச்சாடித் தண்ணீர்.

"நான் இதை எங்க சார் எழுதின புக்கிலேர்ந்து எடுத்தேன்மா," என்றார் கடைசியில்.

"அவர்?"

"அவர் போய்ச் சேர்ந்துட்டார். அவரை எப்பிடிக் கேக்கறது?" பேராசிரியர் இல்லையா, வழி பிறந்துவிட்டது. "வெனிலா, நீ தீர்ப்பை நேரா மேற்கோள் காட்ட வேணாம். தீர்ப்போட பேர், அப்புறம் 'கோதண்டபாணி நூலில் மேற்கோள் காட்டப்பட்டது, பக்கம் 212'னு போடு. ஆஸ்கோலாவுல அதுக்கு இடம் இருக்கு. உன் பேர்ல தப்பே கிடையாது. என் புக்குல இருக்கறது இருக்கறதுதானே?"

"நான் தீர்ப்பைப் படிக்காம இருந்தா சரிங்க சார். படிச்சிட்டேனே."

"படிச்சது யாருக்குத் தெரியும்? அடிக்குறிப்ப எவன் படிக்கிறான்?" என்றார். உடனே, கொஞ்சம் மெதுவாக, "திங்கக்கிழமை இன்டர்வியூ இருக்கு. யோசிச்சுக்கோ" என்றார்.

யோசித்துக்கொண்டே பேருந்து ஏறினாள். அவர் சொன்னபடி செய்தால் ஐந்து நிமிட வேலை. கட்டுரை போகும், கடிதம் வரும், துறைத் தலைவரும் குளிர்ந்திருப்பார். செய்யாவிட்டால் தலைப்பு போச்சு, முடிவு போச்சு, நடுவில் மூன்று தோரணமும் போச்சு. இருக்கிற நேரத்தில் எல்லாவற்றையும் திருப்பி எழுதி, குழுவில் உட்காரப் போகிறவரின் நூலைப் பெயர் சொல்லித் தவறு என்றும் சொல்ல வேண்டும். விக்கிரவாண்டி வரை முதல் வழி. கூட்டேரிப்பட்டு வந்தபோது, தேர்வுத் தாளில் அழுத அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். அவன் இப்போது எங்கேயோ வக்கீல். ஏதோ ஒரு கோர்ட்டில் எழுந்து நின்று அந்த வரியைச் சொல்வான். எதிர்ப்பக்கம் யாராவது பத்தொன்பதாம் பத்திக்குப் போயிருந்தால்?

கடைக்குள் நுழையும்போது மணி இரண்டரை.

"தலைப்ப எடுத்துடுங்க," என்றாள்.

பச்சைமுத்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மேடம், மறுபடியுமா?"

எழுதினாள். பாதை உரிமை பற்றிய நல்ல வாதம் ஒன்று தொண்ணூற்றெட்டில் தோற்றது. தோற்றது உரிமை இல்லாததால் அல்ல, பாதையைப் பிராதில் அளந்து எழுதாததால். காலங்காலமாகப் பிணம் தூக்கிப் போகிற ஏழை ஜனங்களுக்குச் சர்வே எண் எப்படித் தெரியும்? ஆகவே மாற வேண்டியது அந்த விதி என்று கட்டுரையைத் தலைகீழாகத் திருப்பினாள். எழுத எழுத அவளுக்கே ஆச்சரியம். பொய்யை நம்பி எழுதியதைவிட இது விறைப்பாக நின்றது. நாற்பத்தேழாம் குறிப்பு இப்படி முடிந்தது: தீர்ப்பின் பெயர், தொகுதி, பக்கம், பத்தி 11, மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர் டி. துரைக்கண்ணுவின் வாதம், பத்தி 19இல் நிராகரிக்கப்பட்டது. இதை நீதிமன்றத்தின் கூற்றாகக் காட்டுவது பிழை. காண்க, கோதண்டபாணி, பக்கம் 212.

கடைசி வரியை அடிக்கும்போது பச்சைமுத்து விரலை நிறுத்தினார். "இவர்தானே உங்க பெரிய சாரு?"

"அவரேதான். அடிங்க."

மணி நாலரை. புதிதாக ஆறு குறிப்புகள் நுழைந்துவிட்டன. ஆனால் முன் குறிப்பைச் சுட்டும் எண்கள் மட்டும் பழைய எண்களிலேயே கல்லாக உட்கார்ந்திருந்தன. பச்சைமுத்து மொத்தத்தையும் தேர்வு செய்து, எண்களைப் புதுப்பிக்கும் எஃப்9 விசையை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். இடித்தார். வெனிலாவுக்கு வேர்த்த வேர்வையில் நாற்காலி மிதக்காததுதான் பாக்கி.

"பேஜாரா பூட்ச்சே மேடம்!"

"இருங்க, இருங்க. மேல செலக்ட் பண்ணா கீழ இருக்கறது சேராது. அடிக்குறிப்புக்குள்ள கிளிக் பண்ணி, அங்க எல்லாத்தையும் செலக்ட் பண்ணுங்க."

பண்ணினார். அழுத்தினார். அத்தனை எண்களும் ஒரே நேரத்தில் புரண்டு தத்தம் இடத்தில் போய் நின்றன. பச்சைமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். இபிட்கள் மட்டும் தாமாகத் திருந்தவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டில் ஒன்று, இடையில் வேறு நூல் வந்துவிட்டதால், அவசரமாக வேலை நீக்கம் செய்யப்பட்டது. நாலு ஐம்பத்தேழுக்குக் கட்டுரை தில்லிக்குப் புறப்பட்டது.

சனிக்கிழமை மதியம் கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டோம், நாற்பத்தேழாம் குறிப்பை அடியில் ஒளித்து வைக்காமல் கட்டுரைக்குள்ளேயே ஒரு பத்தியாகக் கொண்டுவர முடியுமா என்று ஆசிரியர் கேட்டிருந்தார். வெனிலா முதல் வேலையாகத் துரைக்கண்ணுவுக்குத் தொலைபேசினாள்.

"தோத்துப்போச்சுன்னு போட்டுட்டியாம்மா?"

"போட்டுட்டேன் ஐயா. ஆனா சொன்னது நீங்கன்னும் போட்டுட்டேன். எட்டு புக்குலயும் உங்க பேர் இல்ல. இதுல இருக்கு."

"முழுப் பேரா? இனிஷியலோடவா?" என்று மறுமுனையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

திங்கட்கிழமை நேர்காணல் குழுவில் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர், பாக்கியமேரி அம்மையார். வலப்பக்கம் கோதண்டபாணி, கையில் அவள் கட்டுரை. அவர் முகத்தை வெனிலா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சுடுகாட்டுப் பாதையா? நல்ல விஷயம்," என்றார் நீதிபதி அம்மையார். "பிணம் போன பாதையை உயிரோடு இருக்கிறவன் உழ முடியாது! ஹைகோர்ட் எவ்வளவு அழகா தீர்ப்பு சொல்லியிருக்கு. நானே ரெண்டு கேஸ்ல எடுத்துப் போட்டிருக்கேன்."

வெனிலா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். இரண்டு கேஸ்! தீர்ப்பிலேயே!

"அம்மா, மன்னிக்கணும்," என்றாள். "அது தீர்ப்பு இல்லீங்க. வாதம். கோர்ட் அதை ஏத்துக்கல."

அறையில் ஒரு ஈ பறந்தது, அதுவும் இறங்கிவிட்டது. அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு, மெதுவாக, கோதண்டபாணி பக்கம் திரும்பினார்.

"என்ன சார், உங்க புக்கைப் பாத்துதானே நான் எழுதினேன்?"

கோதண்டபாணி தொண்டையைச் செருமினார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு வெனிலா நாற்காலியிலிருந்து விழாதது அதிசயம். "ஆமாம்மா, அது பிழைன்னு எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நாலாம் பதிப்புல திருத்தறதா முடிவே பண்ணிட்டேன்."

"அப்படியா! கோர்ட் நிராகரிச்சது எந்தப் பத்தியில சார்?"

கோதண்டபாணி விட்டத்தைப் பார்த்தார். கட்டுரையின் மூலையைத் திருகினார். அவர் உதடு அசைந்தது, எண் வரவில்லை.

"பத்தொம்பதுங்க," என்றாள் வெனிலா.

அம்மையார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிறு குலுங்கிச் சிரித்தார். பிறகு தன் குறிப்பேட்டில் 11 என்றும் 19 என்றும் எழுதி, அதன் எதிரே வெனிலாவின் பெயரை எழுதி, பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். "என்னோட ரெண்டு தீர்ப்பை நான் எங்க போய்த் திருத்தறது?" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு, வெனிலாவைப் போகச் சொன்னார்.

வேலை உத்தரவு வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலை கோதண்டபாணி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபமாக இருப்பார் என்று பயந்து போனவள், மேசையைப் பார்த்ததும் பயத்தை மறந்தாள். பாடநூலின் அச்சுப்படி, எழுநூற்று நாற்பது பக்கம், கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"அதுல ஆயிரத்து எண்ணூறு மேற்கோள் இருக்கும்மா," என்றார் அவர், கண்ணைப் பார்க்காமல். "எல்லாத்தையும் அடிக்குறிப்பா மாத்தணும். ஒவ்வொண்ணுக்கும் பத்தி எண் வேணும். தீர்ப்பைத் திறந்து பாத்து."

"எல்லாத்தையுமாங்க சார்?"

"எல்லாத்தையும். இன்னும் எத்தனை துரைக்கண்ணு உள்ள இருக்கானோ, யாருக்குத் தெரியும்?"

வெனிலா கயிற்றை அவிழ்த்தாள். முதல் பக்கத்து முதல் மேற்கோளில் இருந்த நீதிபதி பெயரில் விரலை வைத்துக்கொண்டு, கைப்பேசியில் அந்தத் தீர்ப்பைத் திறந்தாள். ஒரு நிமிடம் கழித்து நிமிர்ந்தாள்; முகம் வெளுத்திருந்தது.

"சார்," என்றாள், "இந்தத் தீர்ப்புல இப்பிடி ஒரு நீதிபதியே கிடையாதே!"